அறுபது பைசா மஹர்

ஹகீம் ஷம்சுல் ஹக்கின் உடலைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றி முடிப்பதற்குள் அவருடைய தம்பி வஜாஹத் மூன்று முறை உள்கட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டான். மூன்று முறையும் ஒரே கேள்வி.

"சொல்லிட்டாங்களா?"

மூன்று முறையும் ஒரே பதில். "இன்னும் இல்ல."

பட்னா சிட்டியில் எங்கள் சந்தில் எந்த முஸ்லிம் வீட்டு ஜனாஸாவும் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வாசலில் நிற்கும். கட்டிலைத் தோளில் தூக்குவதற்கு முன் விதவை வாய் திறந்து, "என் மஹரை மன்னிச்சேன்" என்று சொல்லிவிட வேண்டும். கணவன் கடனோடு மண்ணுக்குப் போகக் கூடாதாம். கல்யாணத்தன்று சபை நடுவில் கணவன் ஒப்புக்கொண்ட தொகை அது. முப்பது வருஷம் யாரும் அதைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். செத்த அன்று மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிடும்.

நான் கைலாஷ் பிஹாரி. வக்கீல் முபாரக் சாஹிபின் முன்ஷி, அதாவது குமாஸ்தா. ஹகீமுக்கும் வக்கீலுக்கும் பழக்கம், அதனால் அன்று ஆண்கள் பக்கத்தில் நானும் நின்றிருந்தேன். பக்கத்தில் மூலிகை மொத்த வியாபாரி குலாம் ரப்பானி. நல்ல கனத்த உடம்பு, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் அழுததற்கு நட்பு மட்டும் காரணமில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நான்காம் முறை தானே உள்ளே போன வஜாஹத் திடீரென்று வெளியே வந்தான். கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் ஏலக்காரன் குரல்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. மதினி மன்னிச்சிட்டாங்க. அண்ணன் கடனில்லாம போறாரு."

நாற்பது பேர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். கட்டில் எழுந்தது.

கடனில்லாமல் போன மனிதரின் கடன் நான்காம் நாள் காலை கைநோட்டுகளாக வந்தது.

---

மொத்தம் ஏழு கைநோட்டு. ஏழிலும் ஹகீமின் கையெழுத்து, ரெவின்யூ ஸ்டாம்பு மேலே. வட்டியோடு அறுபதாயிரம் ரூபாய். கொண்டுவந்தவர் ரப்பானி.

1979-ல் அறுபதாயிரம் என்றால் அந்த வீட்டையே விழுங்கக்கூடிய தொகை. வீடு ஐம்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு பெறும் என்று பிற்பாடு கோர்ட் கமிஷனர் மதிப்புப் போட்டார். வாசலில் மருந்துக்கடை, அதன் மேல் மாடி, நடுவே முற்றம், பின்னால் பெண்கள் இருக்கும் உள்கட்டு. கடையில் இருந்த லேகியம், சூரணம், ஜாடி, தராசு எல்லாம் சேர்த்து எட்டாயிரத்து ஐந்நூறு. ஆக அறுபத்தேழாயிரம். ஹகீம் விட்டுப்போன சொத்து இவ்வளவுதான். பிள்ளை குட்டி இல்லை. மனைவி தஸ்னீமுக்குக் கால் பங்கு, தம்பி வஜாஹத்துக்கு முக்கால் பங்கு.

முக்கால் பங்கை வஜாஹத் ஏற்கெனவே மனதுக்குள் அனுபவிக்க ஆரம்பித்திருந்தான். மதினியை கயாவில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு உள்கட்டை வாடகைக்கு விடுவதாகத் திட்டம். மூன்றாம் நாள் ஃபாத்திஹா முடிந்த கையோடு ரயில் நேரம்கூட விசாரித்துவிட்டான். தஸ்னீமின் அண்ணனுக்கோ ஏழு பிள்ளைகள், இரண்டு அறை. "வாங்க" என்று அவர் எழுதிய கடிதத்தில் தேதி மட்டும் இல்லை.

இப்போது ஏழு காகிதம் எல்லாவற்றையும் கலைத்துவிட்டது. வஜாஹத் எங்கள் ஆபீசுக்கு ஓடிவந்தான்.

"வக்கீல் சாஹிப், அண்ணன் இவ்வளவு வாங்கியிருப்பாரா? நான் கட்டணுமா?"

முபாரக் சாஹிப் பான் மென்றுகொண்டிருந்தார். "உன் கைக்காசு ஒண்ணும் வேண்டாம். அண்ணன் சொத்துல இருந்து போகும். கடன் போக மிச்சம் இருந்தா வாரிசுக்கு."

"மிச்சம் என்ன இருக்கும்?"

"ஆறாயிரம் இருக்கலாம். உனக்கு நாலாயிரத்து ஐந்நூறு, உங்க மதினிக்கு ஆயிரத்து ஐந்நூறு."

வஜாஹத் நாற்காலியில் சாய்ந்தான். ஒரு வீட்டின் முக்கால் பங்கு ஒரு பழைய ஸ்கூட்டராகச் சுருங்கிவிட்டது.

"வேற வழியே இல்லையா?"

"மஹர் எவ்வளவு?" என்று சாஹிப் சாவதானமாகக் கேட்டார்.

"ஐம்பதாயிரம் ரூபாயும் ரெண்டு சிவப்பு தீனார் தங்கக் காசும். தீனார் ரெண்டும் அன்னிக்கே குடுத்தாச்சு. ஐம்பதாயிரம் நிலுவை."

நான் எழுதுவதை நிறுத்தினேன். 1949-ல் ஐம்பதாயிரம். அந்த வருஷம் ஹகீமின் வருமானம் மாதம் நூற்றிருபது.

வஜாஹத்தே விளக்கினான். "அது சும்மா எங்க வாப்பாவோட வீராப்பு. பக்கத்து வீட்டுல நாப்பதாயிரம் மஹர் எழுதினாங்க. எங்க வாப்பா எந்திரிச்சு, 'என் மகனுக்கு ஐம்பது எழுதுங்க காஜி சாஹிப்'னாரு. யாரு குடுக்கப் போறா, யாரு வாங்கப் போறான்னுதான். நான் அப்ப பதினைஞ்சு வயசு, சபையில ஷர்பத் குடுத்திட்டிருந்தேன். எல்லாரும் வாப்பாவைக் கட்டிப் பிடிச்சாங்க."

"யாரும் வாங்க மாட்டாங்கன்னு நினைச்சு எழுதினாலும் அது கடன்தான்" என்றார் சாஹிப். "லக்னோ பக்கம் அவத் ஜில்லாக்கள்ல இருந்தா, தொகை ஜாஸ்தின்னு கோர்ட்டு குறைக்கலாம். இங்க அந்தச் சட்டம் இல்ல. எழுதின தொகை எழுதின தொகைதான். வாரிசுக்கு ஒரு பைசா போறதுக்கு முன்னாடி மஹர் கடன் தீரணும்."

வஜாஹத்தின் முகத்தில் விளக்கெரிந்தது.

"அப்ப மஹர்தான் முதல்ல?"

"வாரிசுக்கு முன்னாடி. ஆனா—"

வஜாஹத் எழுந்து செருப்பை மாட்டிவிட்டான். "அது போதும் சாஹிப். பொம்பளை உரிமை, அல்லாஹ் வெச்ச கடன். மூலிகைக்காரன் கைநோட்டு அதுக்கு முன்னாடி நிக்குமா? வீடே மதினிக்குப் போயிடும். மதினி எனக்கு எழுதிக் குடுத்துடுவாங்க. ஃபீஸ் நான் தர்றேன், கேஸைப் போடுங்க."

"உட்காரு, அடுத்த வாக்கியத்தையும் கேளு" என்றார் சாஹிப்.

படியிறங்கும் சத்தம் மட்டும் பதிலாக வந்தது.

சாஹிப் பானைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். "முன்ஷிஜி, நான் வாதாடணும்னா அந்த அம்மாவுக்காகத்தான் வாதாடுவேன், இவனுக்காக இல்ல. அடுத்த வாக்கியத்தை அவங்ககிட்டயாவது போய்ச் சொல்லிட்டு வாங்க. முழுசா."

---

தஸ்னீம் பீவி பர்தாவில் இருப்பவர். உள்கட்டு வாசலில் தொங்கிய கனத்த திரைக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு பிரம்பு மோடா போட்டார்கள். அந்தப் பக்கமிருந்து வெற்றிலைப் பெட்டி திறக்கும் சத்தம்.

"சொல்லுங்க முன்ஷிஜி. தம்பி வந்து ஏதோ சந்தோஷமாச் சொல்லிட்டுப் போனார். அவர் சந்தோஷமா இருந்தா எனக்குப் பயமா இருக்கு."

நான் சொன்னேன். செத்தவர் சொத்தில் முதலில் அடக்கச் செலவு. பிறகு கோர்ட் செலவு. பிறகு கடைசி மூன்று மாதம் வேலை செய்த வேலைக்காரன் சம்பளம். அதற்குப் பிறகுதான் கடன்கள். மஹரும் அந்த வரிசையில் ஒரு கடன். ரப்பானியின் கைநோட்டும் அதே வரிசை. இதற்கு அது முன்னால் இல்லை, அதற்கு இது முன்னால் இல்லை. எல்லோருக்கும் கொடுக்கச் சொத்து போதாவிட்டால் விகிதப்படி பிரிப்பார்கள். கடன் தீர்ந்தால்தான் வாரிசு.

"அப்ப மருந்து இடிக்கிற ஜும்மன் எனக்கு முன்னாடி நிப்பாரு."

"மூணு மாச சம்பளத்துக்கு, ஆமா."

"நிக்கட்டும். பாவம், அவராவது வேலை செஞ்சாரு." பாக்கு வெட்டும் சத்தம். "ரப்பானி பாயும் நானும் ஒரே பெஞ்ச்."

"ஒரே பெஞ்ச்."

"எவ்வளவு வரும்?"

"ஆயிரம் ரூபா செலவு போனா அறுபத்தாறாயிரம். கடன் ரெண்டும் சேர்ந்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம். ரூபாய்க்கு அறுபது பைசா. உங்களுக்கு முப்பதாயிரம்."

திரைக்குப் பின்னால் ஒரு வெற்றிலை கிழிபட்டது.

"மஹர் இல்லன்னா?"

"வாரிசுப் பங்கு ஆயிரத்து ஐந்நூறு."

"ஆயிரத்து ஐந்நூறுக்கு கயாவுல எங்க அண்ணி மூணு மாசம் சோறு போடுவா. நாலாவது மாசம் தட்டை வைக்கிற சத்தம் மாறும்." குரலில் அழுகை இல்லை. "எனக்கு இந்த உள்கட்டு வேணும் முன்ஷிஜி. முப்பது வருஷமா நான் வெளியில பார்த்த ஊர் இதுதான். வேற எந்த ஊர்லயும் எனக்கு வழி தெரியாது."

"அதுக்கு ஒரு தடை இருக்கு பீவி. ஜனாஸா அன்னிக்கு நீங்க மன்னிச்சிட்டதா நாற்பது பேர் கேட்டிருக்காங்க. ரப்பானி சாஹிபும் கேட்டாரு. அதைத்தான் அவர் வக்கீல் பிடிப்பார்."

"நாற்பது பேர் கேட்டது தம்பி குரலை."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல. என்னால முடியல. ஷாஹிதா என் மோவாயைப் பிடிச்சிருந்தா." ஷாஹிதா என்பது வஜாஹத்தின் மனைவி.

"இதை ஷாஹிதா பீவி கோர்ட்டுல சொல்வாங்களா?"

திரைக்குப் பின்னால் முதல் முறையாக ஒரு சின்னச் சிரிப்பு. "அவ சொல்ல மாட்டா. ஆனா வீடு கிடைக்கும்னு நினைச்சா, தம்பி சொல்வார். நீங்க சொன்ன அந்த ஒரே பெஞ்ச் சமாச்சாரத்தை அவர் கேட்டாரா?"

"கேட்காம போயிட்டாரு."

"நீங்க ரெண்டு தடவை சொல்லுங்க, மூணு தடவை சொல்லுங்க. நான் தடுக்கல. பொய் சொல்லி எனக்கு எதுவும் வேண்டாம்."

நான் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். வஜாஹத்தை ஆபீசில் ஒரு முறை, டீக்கடையில் ஒரு முறை, நீதிமன்ற ஆலமரத்தடியில் ஒரு முறை. "ரப்பானியும் அதே வரிசைதான்" என்றேன். அவன் என் தோளைத் தட்டினான்.

"முன்ஷிஜி, நீங்க ஹிந்து, காயஸ்தர். எங்க ஷரியத்து சமாச்சாரம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

---

தஸ்னீம் பீவி வாதி. கணவர் சொத்தைக் கோர்ட்டே நிர்வகித்து, கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று மனு. பிரதிவாதிகள் வஜாஹத், ரப்பானி. ரப்பானியின் வக்கீல் பாணி சாஹிபின் பதில் மனு ஒரே வரியில் நின்றது: மஹர் கடன் இருந்திருக்கலாம், ஆனால் சடலத்தருகே அது மன்னிக்கப்பட்டுவிட்டது.

பர்தாப் பெண்மணியைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. கமிஷனர் வீட்டுக்கு வந்தார். திரைக்கு இந்தப் பக்கம் மேஜை, இரண்டு வக்கீல், நான், மைக்கூடு. திரைக்குள் இருப்பது தஸ்னீம் பீவிதான், வேறு யாருமில்லை என்று நெருங்கிய உறவினர் ஒருவர் குரலைக் கேட்டு அடையாளம் சொல்ல வேண்டும். சொன்னவன் வஜாஹத்.

"என் மதினி குரல்தான் ஹுஜூர். நூத்துல ஒண்ணாக் கண்டுபிடிப்பேன்."

பாணி சாஹிப் தொண்டையைச் செருமினார். "ஜனாஸா கிளம்புறதுக்கு முன்னாடி, மஹரை மன்னிச்சேன்னு சொன்னீங்களா?"

"இல்ல."

"தலையாட்டினீங்களா?"

"தலை ஆடுச்சு. நான் ஆட்டல."

கமிஷனர் எழுதுவதை நிறுத்தித் திரையைப் பார்த்தார். "வெளங்கற மாதிரிச் சொல்லுங்கம்மா."

"என் மோவாய் இன்னொருத்தி கையில இருந்துச்சு. அவ ரெண்டு தடவை மேலேயும் கீழேயும் அசைச்சா. எனக்கு அப்ப ஒண்ணும் கேக்கல. கஃபன் துணியைத்தான் பார்த்துட்டிருந்தேன்."

பாணி சாஹிப் கடைசி அம்பை எடுத்தார். "கணவர் கடனாளியாப் போகணும்னு நல்ல மனைவி நினைப்பாளா? இப்பவாவது மன்னிக்கிறீங்களா?"

எங்கள் சாஹிப் ஆட்சேபிக்க எழுந்தார். அதற்குள் பதில் வந்துவிட்டது.

"இப்ப எனக்கு சுயநினைவு இருக்கு சாஹிப். அதனால மன்னிக்கல. ரப்பானி பாய் அவர் கைநோட்டை மன்னிக்கட்டும், நானும் யோசிக்கிறேன்."

மூலையில் உட்கார்ந்திருந்த ரப்பானி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

---

பிறகு கோர்ட்டில் வஜாஹத்தின் சாட்சியம். நான் பார்த்த நூற்றுக்கணக்கான சாட்சிகளில் இவ்வளவு உற்சாகமாகத் தன்னையே திட்டிக்கொண்டவன் வேறு யாருமில்லை.

"மதினி சொன்னதா வெளியில வந்து அறிவிச்சது நீங்களா?"

"நான்தான்."

"அவங்க சொன்னதை நீங்க கேட்டீங்களா?"

"கேக்கல. அவங்க பிரமை பிடிச்சு உட்கார்ந்திருந்தாங்க. நான் என் பொண்டாட்டிக்கு ஜாடை காட்டினேன். அவ தலையைப் பிடிச்சு ஆட்டினா."

"ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

"பேராசை ஹுஜூர்" என்றான் வஜாஹத், கூப்பிய கையோடு. "அண்ணன் சொத்து முழுசா வரணும்னு பேராசை. அல்லாஹ் என்னை மன்னிக்கணும்."

கோர்ட்டில் ஒரு முனகல் எழுந்தது. பின் வரிசையில் யாரோ "பாருய்யா, திருந்திட்டான்" என்றார்கள். பாணி சாஹிப் குறுக்கு விசாரணைக்கு எழுந்து, "நீங்களும் உங்க மதினியும் ரகசியமா ஒப்பந்தம் போட்டிருக்கீங்களா?" என்றார்.

"ஒப்பந்தமா? மதினி எனக்கு அம்மா மாதிரி. அம்மாகிட்ட யாராவது எழுத்து வாங்குவாங்களா?"

அதுவும் உண்மை. அவன் எழுத்து எதுவும் வாங்கவில்லை. வீட்டைத் தனக்குத் தானமாகக் கொடுக்கும் பத்திரம் ஒன்றை மட்டும் வேறொரு முன்ஷியிடம் சொல்லி எழுதி, சட்டைப் பையில் வைத்திருந்தான். மதினியிடம் அதைக் காட்டியபோது அவர், "கேஸ் முடியட்டும், பார்க்கலாம் தம்பி" என்றாராம். பார்க்கலாம் என்றால் சரி என்று அவன் புரிந்துகொண்டான்.

அடுத்து ரப்பானி. கைநோட்டு ஏழும் உண்மை, யாரும் மறுக்கவில்லை. எங்கள் சாஹிப் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அறுபதாயிரத்துக்கு வீட்டை ஏன் அடமானம் எழுதி வாங்கல?"

ரப்பானியின் மார்பு நிமிர்ந்தது. "ஹகீம் சாஹிப் பத்திரத்தை எடுத்துட்டு வந்தார் ஹுஜூர். நாலு பேர் முன்னாடி நீட்டினார். நான் தொடல. 'உங்க வாக்கு இருக்கும்போது இந்தக் காகிதம் எதுக்கு?'ன்னு திருப்பிக் குடுத்தேன். நாலு பேரும் என்னைக் கட்டிப் பிடிச்சாங்க."

"அதை வாங்கியிருந்தா இன்னிக்கு வீட்டு மேல உங்க கடன்தான் முதல்ல நின்னிருக்கும். தெரியுமா?"

ரப்பானியின் மார்பு மெல்ல இறங்கியது. "இப்பத் தெரியுது ஹுஜூர்."

---

தீர்ப்பு நாளன்று வஜாஹத் புது ஷெர்வானியில் வந்தான். சப்-ஜட்ஜ் படிக்க ஆரம்பித்தார்.

முதலில் மஹர். நிக்காஹ் பதிவேட்டில் ஐம்பதாயிரம் என்று தெளிவாக இருக்கிறது. கணவன் இறந்த துக்கத்தில், சுயநினைவில்லாத பெண்ணின் தலையை வேறொருவர் அசைப்பது மன்னிப்பு ஆகாது. மன்னிப்புக்கு மனமார்ந்த சம்மதம் வேண்டும். அடுத்து வந்த வரிகளைப் படிக்கும்போது ஜட்ஜின் குரலில் கனிவு வந்தது.

"இதில் முதல் பிரதிவாதியின் சாட்சியத்தை இந்தக் கோர்ட் முழுமையாக நம்புகிறது. பொதுவாக வாரிசுகள் மஹரை மறுப்பார்கள். இவரோ, மஹர் நிலைத்தால் தனக்கு நஷ்டம் என்று அறிந்தும், உண்மையைச் சொல்ல முன்வந்தார். இத்தகைய நேர்மை அரிது."

வஜாஹத் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தான்.

ஜட்ஜ் பக்கத்தைப் புரட்டினார். மஹர் கடன், அடமானமில்லாத மற்ற கடன்களுக்குச் சமம். அவற்றுக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. மொத்தம் அறுபத்தேழாயிரம். முதல் படியில் அடக்கச் செலவு. அடுத்து கோர்ட், கமிஷன் செலவு நானூற்றிருபது. அடுத்து ஜும்மன் மியானுக்கு மூன்று மாதச் சம்பளம் முந்நூற்றறுபது. மீதியில் விதவைக்கும் ரப்பானிக்கும் ரூபாய்க்கு அறுபது பைசா. வாரிசுகளுக்கு ஒன்றுமில்லை.

வஜாஹத்தின் குனிந்த முதுகு நிமிரவில்லை. தவறிப்போன ஏதோ ஒன்றைத் தரையில் தேடுபவன் போல நின்றான்.

"ஹுஜூர்," என்றான் கடைசியில், "மஹர் முதல்ல இல்லையா?"

"வாரிசுக்கு முதல்ல. கடன்காரனுக்குச் சமம்."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் வழியே ஆலமரத்தைப் பார்த்தேன்.

ஆனாலும் வஜாஹத் வெறுங்கையோடு போகவில்லை. அடக்கச் செலவு அவன் செய்தது. எல்லோருக்கும் முன்னால், மஹருக்கும் முன்னால், முதல் இடம். பில்லை ஏற்கெனவே தாக்கல் செய்திருந்தான்: மூவாயிரத்து எண்ணூறு. ஜட்ஜ் அந்தப் பில்லை எடுத்துக் காட்டினார்.

"இதில் நாற்பதாம் நாள் பிரியாணிக்கு மூவாயிரத்து ஐந்நூற்று எண்பது இருக்கே?"

"ஊரே பேசுச்சு ஹுஜூர். அவ்வளவு கௌரவமா—"

"விருந்து அடக்கம் ஆகாது. கஃபன் துணி, கற்பூரம், குழி வெட்டுக் கூலி. இருநூற்றிருபது அனுமதி."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் சாட்சிக்கூண்டில் ஏறாமல் வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தால் நாலாயிரத்து ஐந்நூறு. பேராசையை ஒப்புக்கொண்டு புகழப்பட்டதற்கு இருநூற்றிருபது. எங்கள் ஃபீஸ் தனி.

---

வீட்டை ஏலம் போட்டால் பாதி விலைதான் வரும் என்று முபாரக் சாஹிப் ரப்பானிக்குச் சொல்லி அனுப்பினார். ரப்பானி வியாபாரி. கணக்கு உடனே புரிந்தது. வாசல் கடையும் அதன் மேல் மாடியும் இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு, கடைச் சரக்கு எட்டாயிரத்து ஐந்நூறு. இரண்டையும் அவர் எடுத்துக்கொண்டு, முதல் மூன்று படிச் செலவுகளுக்கு ஆயிரம் ரூபாய் ரொக்கமாகக் கோர்ட்டில் கட்டிவிடுவது. முற்றமும் உள்கட்டும் முப்பதாயிரம், அது தஸ்னீம் பீவிக்கு. கோர்ட் ஒப்புக்கொண்டது. ஜும்மன் முந்நூற்றறுபதை எண்ணி வாங்கிக்கொண்டு, அதே கடையில் ரப்பானியிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

பத்திரம் பதிவான மறுநாள் அதைக் கொடுக்கப் போனேன். முற்றத்துக்கும் கடைக்கும் நடுவே கொத்தனார் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார். மோடாவில் நான் உட்கார்ந்தேன். திரைக்குக் கீழே ஒரு கை நீண்டு பத்திரத்தை வாங்கியது. நெடுநேரம் காகிதம் புரளும் சத்தம்.

"இதுல என் பேர் எங்க இருக்கு முன்ஷிஜி?"

"மூணாவது வரி."

"ம். இருக்கு."

அப்போது வஜாஹத் வந்தான். ஷெர்வானி இல்லை. அவனும் ஷாஹிதாவும் குடியிருந்தது கடைக்கு மேல் மாடியில். மாடி இப்போது ரப்பானியுடையது. யார் சாட்சியால் இருபத்து நாலாயிரம் போயிற்றோ அவனை ரப்பானி ஏன் வைத்துக்கொள்வார்? ஒரு வாரம் கெடு கொடுத்திருந்தார்.

"மதினி," என்றான் திரையைப் பார்த்து, "பின்னாடி கிணத்தடி அறை ரெண்டும் சும்மாத்தானே கிடக்கு?"

"சும்மா இல்ல தம்பி. வாடகைக்கு விடப் போறேன். எனக்கும் சாப்பாடு ஓடணும்ல?"

"நான் யாரோவா? நான் இல்லன்னா உங்களுக்கு இந்த வீடே கிடைச்சிருக்காது."

"உண்மைதான். அதை நான் மறுக்கவே மாட்டேன். ஜட்ஜ் ஐயாவே எழுதியிருக்காரு." வெற்றிலைப் பெட்டி மூடும் சத்தம். "வேற ஆளுக்கு எழுபது. உங்களுக்கு அறுபது. மூணு மாசம் அட்வான்ஸ்."

"அட்வான்ஸா? நம்ம வீட்டுக்குள்ளயா? என் வாக்கு போதாதா மதினி?"

"ரப்பானி பாய் வாக்கை நம்பினாரு. என்ன ஆச்சுன்னு பார்த்தீங்கல்ல?"

வஜாஹத் என்னைப் பார்த்தான். இந்த முறை நான் ஆலமரத்தைத் தேடவில்லை. பையிலிருந்து காகிதம் எடுத்து, பேனாவைத் திறந்து, வாடகை ஒப்பந்தத்தின் முதல் வரியை எழுத ஆரம்பித்தேன்.

அவன் சட்டைப் பையைத் துழாவினான். கஃபன் செலவுக்குக் கிடைத்த இருநூற்றிருபது அப்படியே இருந்தது. நூற்றெண்பதை எண்ணி மோடாவின் ஓரத்தில் வைத்தான்.

"எண்ணிப் பாருங்க முன்ஷிஜி" என்றது திரைக்குப் பின்னாலிருந்து குரல்.

எண்ணினேன். சரியாக இருந்தது. திரைக்குக் கீழே சாவி வந்தது.